வயதுக்கு வந்த முதல் வருடம்: தேதி தள்ளிப்போவது வேறு, நிற்காமல் போவது வேறு

"என் மகளுக்கு 12 வயசு 8 மாசம். போன ஜூலை 10-ம் தேதி வயசுக்கு வந்தா. அடுத்து ஆகஸ்ட் 3, செப்டம்பர் 22, அக்டோபர் 30-ன்னு வந்துச்சு. அப்புறம் ரெண்டரை மாசம் வரவே இல்ல. ஜனவரி 12 வந்தது இன்னைக்கு 11-வது நாள், இன்னும் நிக்கல. முதல் அஞ்சு நாள் தினமும் ஆறு நாப்கின் ஆச்சு, ராத்திரி பெட்ஷீட் வரைக்கும் நனைஞ்சுது, கட்டி கட்டியா போச்சு. இப்ப நாளைக்கு ரெண்டு மூணு. ஸ்கேன் எடுத்தோம், பிசிஓடின்னு எழுதியிருக்காங்க. மூணு மாசம் மாத்திரை போடச் சொல்றாங்க. மாமியார், கெட்ட ரத்தம் போகட்டும் விடுன்னு சொல்றாங்க. மாத்திரை குடுக்கலாமா? எதுக்கு டாக்டர்கிட்ட போகணும், எதை விட்டுடலாம்?"

இதில் இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. தேதி முன்னும் பின்னுமாக வருவது ஒன்று. வந்தது 11 நாளாக நிற்காமல் இருப்பது இன்னொன்று. முதலாவது உங்கள் மகளின் வயதில் எதிர்பார்க்க வேண்டியதுதான். இரண்டாவதற்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும், அதுவும் இன்றோ நாளையோ. பிசிஓடி என்ற பேச்சு இந்த இரண்டுக்குமே இப்போதைக்கு விடையில்லை. ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் தேதிக் கணக்கு. ரத்தம் பட ஆரம்பித்த முதல் நாளிலிருந்து, அடுத்த தடவை ஆரம்பித்த முதல் நாள் வரை எண்ண வேண்டும். நின்ற நாளிலிருந்தோ தலைக்குக் குளித்த நாளிலிருந்தோ எண்ணினால் கணக்கு தப்பும். அப்படி எண்ணித்தான் பல வீடுகளில் "பதினெட்டு நாள்லயே வந்துடுது" என்று பயப்படுகிறார்கள். சரியாக எண்ணினால் அது 24, 25 நாளாக இருக்கும். 3-ஆம் தேதி வந்து அதே மாதம் 28-ஆம் தேதி மறுபடி வந்தால், "மாசத்துல ரெண்டு தடவை" என்று தோன்றும். அது 25 நாள் இடைவெளி, குறை ஒன்றும் இல்லை. லேசாக ஒரு சொட்டு பட்ட நாளைத் தனியாகக் குறித்துவிட்டு, நாப்கின் வைக்கத் தேவைப்பட்ட நாளை முதல் நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கொடுத்த தேதிகளை அப்படிப் பார்த்தால் இடைவெளிகள் 24, 50, 38, 74 நாட்கள். வயதுக்கு வந்து ஆறு மாதமே ஆன பெண்ணுக்கு இந்த நான்கு எண்களில் எதுவுமே நோய் என்று சொல்ல வைக்காது. பெரியவர்களுக்குச் சொல்லும் 28 நாள் கணக்கை இந்த வயதில் கொண்டுவந்து வைக்கவே கூடாது. முதல் வருடத்தில் இரண்டு தடவைக்கு நடுவே 90 நாள் வரை போகிற பெண்களும் இருக்கிறார்கள். மூன்றாம் வருடத்துக்கு வரும்போதுதான் பெரும்பாலான சுழற்சிகள் 21 முதல் 34 நாளுக்குள் வந்து அமர்கின்றன. சிலருக்கு அதற்கு மேலும் ஆகும்.

ஏன் இப்படி என்பது புரிந்தால், 11 நாள் நிற்காமல் போவதும் புரியும். மாதவிடாய் ஒழுங்காக வர மூளையும் சினைப்பையும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ள வேண்டும். சினைப்பை ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது, அது கருப்பையின் உட்சுவரைத் தடிக்க வைக்கிறது. ஈஸ்ட்ரோஜன் ஓர் அளவுக்கு ஏறியதும் மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அதை உணர்ந்து, எல்எச் என்ற ஹார்மோனை ஒரே வீச்சில் அனுப்ப வேண்டும். அப்போதுதான் முட்டை வெளியே வரும். முட்டை வெளிவந்த இடத்திலிருந்துதான் புரோஜெஸ்டிரோன் சுரக்கிறது. வளர்ந்த உட்சுவரைக் கெட்டிப்படுத்தி வைப்பது புரோஜெஸ்டிரோனின் வேலை. இரண்டு வாரம் கழித்து அது இறங்கும்போது உட்சுவர் முழுவதும் ஒரே சமயத்தில் கழன்று விழுகிறது, ரத்தக்குழாய்கள் சுருங்கி மூடிக்கொள்கின்றன, ஐந்தாறு நாளில் நின்றுவிடுகிறது.

வயதுக்கு வந்த புதிதில் அந்த எல்எச் வீச்சு இன்னும் பழக்கப்பட்டிருக்காது. ஈஸ்ட்ரோஜன் ஏறும், முட்டை வெளிவராது, புரோஜெஸ்டிரோன் வராது. உட்சுவர் மட்டும் வளர்ந்துகொண்டே போகும். ஈரம் காயாமல் மேலே மேலே பூசிய சுவர்க் காரை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு நாள் ஒரு மூலையில் பெயரும், இரண்டு நாள் கழித்து வேறோர் இடத்தில் பெயரும். முழுதாக விழுந்து முடியாது. 74 நாள் வளர்ந்த உட்சுவர் அப்படித்தான் துண்டு துண்டாக உதிர்கிறது. ஓர் இடத்தில் ரத்தம் அடங்கும்போது வேறோர் இடத்தில் ஆரம்பிக்கிறது. நீண்ட இடைவெளிக்குப் பிறகு வருவது அதிகமாகவும் பல நாளும் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். முட்டை வெளிவராத சுழற்சியில் வயிற்றுவலியும் பெரிதாக இருக்காது. அதனால் "வலியே இல்லையே, பரவாயில்லை" என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள்.

உங்கள் மாமியார் சொல்வதற்கு இங்கே பதில் இருக்கிறது. வராமல் இருந்த இரண்டரை மாத ரத்தம் எங்கும் தேங்கி நிற்கவில்லை, கெட்டுப்போகவும் இல்லை. இப்போது வெளியேறுவது அவள் உடம்பில் ஓடிக்கொண்டிருக்கும் நல்ல ரத்தம். அதனோடு அவளுடைய இரும்புச்சத்தும் போகிறது. "போகட்டும் விடு" என்று காத்திருந்துதான் ஹீமோகுளோபின் ஆறுக்கும் ஐந்துக்கும் இறங்கி, ரத்தம் ஏற்ற வேண்டிய நிலையில் பிள்ளைகள் கொண்டுவரப்படுகிறார்கள். மாமியாரிடம் மற்ற விளக்கத்தையெல்லாம் விட்டுவிட்டு இதை மட்டுமாவது சொல்லுங்கள்.

எவ்வளவு போகிறது என்பதை எண்ணிக்கையை வைத்து மட்டும் சொல்ல முடியாது. சில பெண்கள் கொஞ்சம் பட்டாலே மாற்றுவார்கள், ஆறு நாப்கின் ஆகும், ரத்தம் குறைவாகவே இருக்கும். வேறு சிலர் பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் இல்லை, போட இடமில்லை என்று காலையில் வைத்ததையே மாலை வரை வைத்திருப்பார்கள். எண்ணிக்கை இரண்டுதான் இருக்கும், ரத்தம் நிறைய போயிருக்கும். மருத்துவர்கள் பயன்படுத்தும் ஓர் எளிய மதிப்பெண் முறை இருக்கிறது. லேசாகப் பட்ட நாப்கினுக்கு 1, பாதி அளவு நனைந்ததற்கு 5, முழுதாக ஊறியதற்கு 20. சிறிய கட்டி ஒன்றுக்கு 1, பெரிய கட்டிக்கு 5. துணியோ படுக்கையோ நனைந்தால் அதற்கும் 5. ஒரு தடவை முழுவதற்கும் கூட்டி 100-ஐத் தாண்டினால், சுமார் 80 மில்லிக்கு மேல் போயிருக்கிறது என்று பொருள். 80 மில்லிக்கு மேல் என்றால் அது அதிகம்.

உங்கள் மகளின் இரண்டாம் நாளை எடுத்துக்கொள்வோம். ஆறு நாப்கினில் நான்கு முழுதாக ஊறியிருந்தன, இரண்டு பாதி நனைந்திருந்தன, பெரிய கட்டி இரண்டு, படுக்கை ஒரு தடவை நனைந்தது என்று வையுங்கள். 80, 10, 10, 5. அந்த ஒரு நாளிலேயே 105 ஆகிவிடுகிறது. 11 நாளுக்கும் சேர்த்து வர வேண்டிய எல்லையை ஒரே நாள் தாண்டிவிட்டது. நாப்கின் எப்படி நனைந்திருந்தது என்பது உங்களுக்கும் அவளுக்கும்தான் தெரியும், நீங்களே போட்டுப் பாருங்கள். இந்த முறை வயதில் பெரிய பெண்களை வைத்து, பழைய வகை நாப்கின்களுக்காக அமைக்கப்பட்டது. இப்போதைய ஜெல் வைத்த நாப்கின்கள் கூடுதலாக உறிஞ்சும், ஊறியதும் வெளியே தெரியாது. ஆகவே எண் குறைவாக வந்தால் தைரியமாக இருந்துவிடாதீர்கள். அதிகமாக வந்தால் மட்டும் அதை நம்புங்கள்.

மதிப்பெண் போட நேரமில்லாவிட்டாலும் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஏழு நாளுக்கு மேல் போவது. ஒரு மணி, இரண்டு மணிக்கு ஒரு தடவை மாற்ற வேண்டியிருப்பது. பத்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கட்டி விழுவது. இரவில் எழுந்து மாற்ற வேண்டிவருவது. இதில் ஒன்று இருந்தாலும் ஓரிரு நாளில் காட்ட வேண்டும். உங்கள் மகளுக்கு ஒன்றுக்கு மேல் இருக்கிறது. தொடர்ந்து இரண்டு மணி நேரம் மணிக்கொரு நாப்கின் முழுதாக ஊறினாலோ, எழுந்து நின்றால் தலை சுற்றினாலோ, மயங்கி விழுந்தாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடத்தாலோ, மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த நேரத்திலேயே 108-ஐ அழையுங்கள் அல்லது பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கீழ் இமையை லேசாக இழுத்துப் பார்த்து உள்பக்கம் வெளுத்திருந்தால் சோகை இருக்க வாய்ப்பு அதிகம். சிவப்பாகத் தெரிந்தால் சோகை இல்லை என்று முடிவு செய்துவிட முடியாது, அதற்கு ரத்தப் பரிசோதனைதான்.

மருத்துவரிடம் போகும்போது பல தாய்மார்களுக்கு இருக்கும் பயம், உள்ளே பரிசோதனை செய்வார்களோ என்பது. இந்த வயதில் இந்தப் பிரச்சினைக்கு அது பெரும்பாலும் தேவையே இல்லை. நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், எடை, உயரம், வயிற்றை வெளியிலிருந்து அழுத்திப் பார்ப்பது, தோலில் ரத்தக்கட்டு அடையாளங்கள் இருக்கிறதா என்று பார்ப்பது, இவ்வளவுதான். ஸ்கேன் எடுத்தாலும் வயிற்றின் மேல் வைத்து எடுப்பதுதான். இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மருத்துவர் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை எழுதலாம், உங்கள் மகளிடம் தனியாகச் சில நிமிடம் பேசவும் கேட்கலாம். அது அவள் மேல் சந்தேகம் இல்லை. தள்ளிப்போய் அதிகமாக ரத்தம் போகும் எந்தப் பெண்ணுக்கும் செய்ய வேண்டிய நடைமுறை அது. கோபப்பட்டு எழுந்து வந்துவிடாதீர்கள்.

ரத்தப் பரிசோதனையில் முதலில் வேண்டியது முழு ரத்த எண்ணிக்கை. அதில் ஹீமோகுளோபினோடு தட்டணுக்களையும் பார்க்க வேண்டும். இந்த வயதுப் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழ் என்றால் சோகை. அதோடு ஃபெரிட்டின் என்ற பரிசோதனையையும் கேட்டு வாங்குங்கள். அது உடம்பில் சேமிப்பில் இருக்கும் இரும்பைக் காட்டும். சேமிப்பு முழுவதும் தீர்ந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்க ஆரம்பிக்கும். அதனால் ஹீமோகுளோபின் 12.2 என்று வந்து, ஃபெரிட்டின் 8 என்று இருக்கும் பெண்கள் உண்டு. படிப்பில் மனம் நிற்கவில்லை, மாடிப்படி ஏறினால் களைப்பு, அரிசி மெல்லும் பழக்கம் என்று அவர்களிடம் தெரியும். ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபினை மட்டும் பார்த்து நார்மல் என்று சொல்லிவிடுவார்கள். தைராய்டு பரிசோதனையும் வழக்கமாகச் சேர்க்கப்படும்.

அடுத்தது அடிக்கடி விட்டுப்போகிற ஒன்று, அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். வயதுக்கு வந்ததிலிருந்தே அதிகமாக ரத்தம் போகும் பெண்களில் சிலருக்குக் குறை கருப்பையிலும் இல்லை, ஹார்மோனிலும் இல்லை. ரத்தம் உறைவதில் இருக்கிறது. அதில் அதிகம் காணப்படுவது வான் வில்லிபிராண்ட் நோய். ரத்தத்தை உறைய வைக்க உதவும் ஒரு புரதம் பிறவியிலேயே குறைவாக இருப்பது அது. சிறு வயதில் பெரிய காயமோ அறுவை சிகிச்சையோ இல்லாமல் வளர்ந்திருந்தால், அது இருப்பதே தெரியாது. மாதவிடாய்தான் அதை முதன்முதலாகக் காட்டிக்கொடுக்கும். மூக்கில் ரத்தம் வந்தால் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்காமல் போகுமா, பல் பிடுங்கியபோது நெடுநேரம் கசிந்ததா, எங்கேயும் இடித்துக்கொள்ளாமலே தொடையிலும் கையிலும் நீலம் பாய்கிறதா, பல் துலக்கினால் ஈறில் ரத்தமா என்று யோசித்துப் பாருங்கள். பிறகு உங்களையும் உங்கள் அம்மாவையும் இரு பக்க அத்தை, சித்திகளையும் நினைத்துப் பாருங்கள். பிரசவத்துக்குப் பின் ரத்தம் நிற்காமல் போய் ஏற்ற வேண்டியிருந்ததா? முப்பத்தைந்து வயதிலேயே அதிகப்போக்கு என்று கருப்பையை எடுத்தவர்கள் இருக்கிறார்களா? "எங்க வீட்டுல எல்லாருக்குமே இப்படித்தான், பயப்பட ஒண்ணுமில்ல" என்று ஆறுதலாகச் சொல்வார்கள். மருத்துவருக்கு அந்த ஒரு வாக்கியம்தான் மிக முக்கியமான துப்பு. மறக்காமல் அதைச் சொல்லுங்கள்.

இதைக் கண்டுபிடிக்க வழக்கமான உறைதல் பரிசோதனைகள் இரண்டு மட்டும் போதாது. இந்த நோய் இருந்தும் அவை சரியாக வரலாம். வான் வில்லிபிராண்ட் புரதத்தின் அளவையும் செயல்திறனையும் தனியாகப் பார்க்க வேண்டும். எல்லா ஊர் ஆய்வகத்திலும் செய்ய மாட்டார்கள், மாதிரியை நகரத்துக்கு அனுப்புவார்கள். இதில் ஒரு சிக்கலும் உண்டு. அந்தப் புரதம் காய்ச்சல், பதற்றம், அதிக ரத்த இழப்பு போன்ற சமயங்களில் தற்காலிகமாக ஏறிவிடும், ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரையாலும் ஏறும். ஆகவே ஒரு தடவை சரியாக வந்தாலும், குடும்ப வரலாறு பலமாக இருந்தால் உடம்பு தேறிய பின் மறுபடி பார்ப்பதுதான் முறை. இது தெளிவாகும் வரை வலிக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது, ஐபுப்ரோஃபென், மெஃபனமிக் அமிலம் போன்றவற்றையும் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். வலி இருந்தால் பாரசிட்டமால் போதும்.

இனி பிசிஓடிக்கு வருகிறேன், மருத்துவர்கள் பிசிஓஎஸ் என்று சொல்வதும் இதைத்தான். ஸ்கேன் ரிப்போர்ட்டில் சினைப்பையில் சிறு சிறு நீர்க்குமிழிகள் நிறைய இருப்பதாக எழுதியிருப்பார்கள். அவை நோய்க்கட்டிகள் இல்லை, வளரும் முட்டைகளின் உறைகள். வயதுக்கு வந்த முதல் சில வருடங்களில் ஆரோக்கியமான பெண்களுக்கும் சினைப்பை அப்படித்தான் தெரியும். அதனால்தான் வயதுக்கு வந்து எட்டு வருடம் ஆகும் வரை ஸ்கேனை வைத்து பிசிஓஎஸ் என்று முடிவு செய்யக் கூடாது என்று, 2023-இல் புதுப்பிக்கப்பட்ட பன்னாட்டு வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. ஏஎம்எச் என்ற ரத்தப் பரிசோதனையையும் இந்த வயதில் அதற்குப் பயன்படுத்தக் கூடாது. இளம்பெண்ணுக்கு பிசிஓஎஸ் என்று சொல்ல இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும். ஒன்று, வயதுக்கு வந்து எத்தனை வருடம் ஆகிறதோ அதற்குரிய அளவை மீறிய ஒழுங்கின்மை. மற்றது, ஆண்மை ஹார்மோன் கூடியதன் அடையாளம். மேலுதட்டிலும் தாடையிலும் மார்பிலும் கெட்டியான முடி, எளிதில் அடங்காத பெரிய பருக்கள், அல்லது ரத்தத்தில் அந்த ஹார்மோன் கூடியிருப்பது. முதல் வருடத்தில் ஒழுங்கின்மையே இயல்பு என்பதால், உங்கள் மகளுக்கு முதல் நிபந்தனையே இன்னும் பொருந்தவில்லை. அவளுக்குப் பின்னாளில் பிசிஓஎஸ் வரவே வராது என்று இன்றைக்கு யாரும் சொல்ல முடியாது. இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடித்திருப்பது, எடை வேகமாக ஏறுவது, அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருப்பது போன்றவை இருந்தால், வருடத்துக்கு ஒரு முறை கவனித்து வர வேண்டிய பெண் என்று வைத்துக்கொள்ளலாம். பன்னிரண்டு வயதில் அந்தப் பெயரை அவள் காதுபட எல்லோரிடமும் சொல்லி, "குழந்தை பிறக்காதோ" என்று பேசுவது அவளை ஆழமாகக் காயப்படுத்தும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அப்படியானால் எழுதிக் கொடுத்த மாத்திரையைப் போடலாமா என்றால், எதற்காக எழுதினார்கள் என்பதைப் பொறுத்தது. பிசிஓடியைக் குணப்படுத்த என்று சொன்னால் அந்தக் காரணம் சரியில்லை. மாதா மாதம் தேதி தவறாமல் வரவைக்க என்றாலும் முதல் வருடத்தில் அதற்குத் தேவை இல்லை. ஹார்மோன் மாத்திரை தரும் ஒழுங்கு மாத்திரையின் ஒழுங்கு. நிறுத்தினால் அவளுடைய சொந்தச் சுழற்சி எந்த முதிர்ச்சியில் இருக்கிறதோ அங்கேதான் நிற்கும். ஆனால் இப்போது போய்க்கொண்டிருக்கும் ரத்தத்தை நிறுத்தவும், சோகை இருந்தால் அது தேறும் வரை அடுத்த சில தடவைகள் இப்படிப் போகாமல் தடுக்கவும் என்றால், அது மிகச் சரியான மருத்துவம். உதிர்ந்துகொண்டிருக்கும் உட்சுவரைப் புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரையோ இரண்டு ஹார்மோனும் சேர்ந்த மாத்திரையோ கெட்டிப்படுத்தி நிறுத்தும். ஹார்மோன் இல்லாத டிரானெக்சாமிக் அமிலமும் உண்டு. அது உறைந்த ரத்தம் கரையாமல் பார்த்துக்கொண்டு போக்கைக் குறைக்கும். அதிகம் போகும் நாட்களில் மட்டும், வழக்கமாக ஐந்து நாள் வரைதான். இந்த மாத்திரைகளால் பின்னாளில் குழந்தை பிறக்காது என்பதில் உண்மை இல்லை. குடும்பத்தில் யாருக்காவது காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்ததுண்டு என்றாலோ, உங்கள் மகளுக்குக் கண்ணில் மின்னல் தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலி இருந்தாலோ, மாத்திரை ஆரம்பிக்கும் முன் கட்டாயம் சொல்லுங்கள். எந்த மாத்திரையைத் தேர்வது என்பதே அதனால் மாறலாம்.

இதில் வீட்டில் நடக்கும் தவறு ஒன்று. ஹார்மோன் மாத்திரை ஆரம்பித்து இரண்டு மூன்று நாளில் ரத்தம் நின்றதும், "சரியாகிடுச்சு" என்று நிறுத்திவிடுவார்கள். அப்படிப் பாதியில் விட்டால் சில நாளில் மறுபடி வரும், முன்னைவிட அதிகமாகவும் வரலாம். சொன்ன நாள் வரை தினமும் ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டும். முடித்த பின் சில நாளில் ஒரு தடவை ரத்தம் வருவது எதிர்பார்த்ததுதான். மருந்து வேலை செய்யவில்லை என்று நினைக்க வேண்டாம். மருந்துக் கடையில் தேதி தள்ளிப்போட வாங்கும் மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுப்பது மட்டும் வேண்டாம். அளவும் நாளும் அவளுக்குத் தகுந்தபடி மருத்துவர் சொல்ல வேண்டும்.

சோகை இருந்தால் இரும்பு மாத்திரை கூடவே வேண்டும். பள்ளியில் வாரத்துக்கு ஒன்று தரும் நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அது சோகை வராமல் தடுக்கும் அளவு. வந்துவிட்ட சோகையைத் தீர்க்க வாரத்துக்கு ஒன்று போதாது. காபி, டீ, பால் ஆகியவற்றிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளி, எலுமிச்சை சாறோடோ நெல்லிக்காயோடோ கொடுத்தால் நன்றாகச் சேரும். மலம் கறுப்பாகப் போகும், பயப்படத் தேவையில்லை. ஹீமோகுளோபின் ஏறிய பிறகும் சேமிப்பு நிறைய ஏறக்குறைய மூன்று மாதம் தொடர வேண்டும். பெரும்பாலான வீடுகளில் ஒரு மாதத்தில் நிறுத்திவிடுகிறார்கள், அடுத்த வருடம் அதே இடத்துக்கு வந்து நிற்கிறார்கள். உளுந்தங்களியும் முட்டையும் தாராளமாகக் கொடுங்கள், நல்ல உணவு. முட்டையைப் பச்சையாகக் கொடுக்காமல் வேக வைத்துக் கொடுங்கள். ஆனால் அவை சுழற்சியை ஒழுங்குபடுத்தும் என்றோ, இறங்கிப்போன ஹீமோகுளோபினை அவை மட்டுமே ஏற்றும் என்றோ எதிர்பார்க்காதீர்கள். எள்ளும் கருஞ்சீரகக் கஷாயமும் கொடுத்து வரவைப்பது வேண்டாம். எப்படியும் வரப்போவது வந்ததும் பெயர் கஷாயத்துக்குப் போகும், அவ்வளவே.

இனி ரத்தப்போக்கு சரியான பின், தேதியைப் பற்றி மட்டும் எப்போது கவலைப்படுவது? முதல் வருடம் முழுவதும் ஏற்ற இறக்கத்தை விட்டுவிடலாம். ஒன்றிலிருந்து மூன்று வருடத்துக்குள், 21 நாளுக்கு முன்போ 45 நாளுக்குப் பின்போ திரும்பத் திரும்ப வந்தால் காட்டுங்கள். மூன்று வருடத்துக்குப் பின் மேல் எல்லை 35 நாள். ஒரே ஒரு இடைவெளி 90 நாளைத் தாண்டினால் என்ன செய்வது என்பதில் மருத்துவர்களிடையே சற்று வேறுபாடு உண்டு. முதல் வருடம் கழிந்த பின்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்போரும், எப்போது நடந்தாலும் ஒரு முறை பார்க்க வேண்டும் என்போரும் இருக்கிறார்கள். என் பரிந்துரை, முதல் வருடத்திலும் காட்டிவிடுங்கள், ஆனால் அவசரமில்லை, அடுத்த வாரம் போனாலும் போதும். எடை திடீரென்று குறைவது, சாப்பாட்டை ஒதுக்குவது, கடும் விளையாட்டுப் பயிற்சி, மார்பில் பால் போலக் கசிவது, தலைவலியோடு பார்வை மங்குவது, முகத்தில் முடி வேகமாக வளர்வது, பள்ளிக்குப் போக முடியாத அளவு வலி, இவற்றில் ஏதாவது இருந்தால் எத்தனையாவது மாதம் என்று பார்க்காமல் போக வேண்டும்.

குறித்து வைப்பதற்குத் தினமும் கிழிக்கும் காலண்டர் உதவாது, குறிப்பும் கிழிந்து போய்விடும். மாதக் காலண்டரில், வந்த ஒவ்வொரு நாளிலும் அந்த நாளின் மதிப்பெண்ணை எழுதச் சொல்லுங்கள். அவளே எழுதட்டும், நீங்கள் நினைவூட்டினால் போதும். மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளையும், ஸ்கேன் ரிப்போர்ட்டையும், வீட்டில் கொடுத்த எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் கொண்டுபோங்கள். ஜனவரி 12-லிருந்து 90-ஆவது நாள் ஏப்ரல் 12. அதை இன்றைக்கே வட்டமிட்டு வையுங்கள். ஹார்மோன் மாத்திரை ஆரம்பித்தால் மட்டும் அந்த வட்டத்தை அழித்துவிட்டு, மாத்திரை முடிந்த பின் வரும் ரத்தத்தின் முதல் நாளிலிருந்து புதிதாக எண்ண வேண்டும்.